தாமதத்துக்கு விலை இல்லை, தடம்தான் காப்பு

கடந்த 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ, மூன்றே நாள்களில் 2,500-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மேலும் 1,800-க்கும் அதிகமானவை தாமதமாயின. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் விமான நிலையங்களில் தவித்தனர். அடுத்த மாதமே சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு ரூ.22.20 கோடி அபராதம் விதித்தது. அந்த அபராதம் அரசின் கணக்குக்குச் சென்றது. பயணியின் பைக்கு வரவில்லை. பயணிக்குச் சேர வேண்டியதைத் தீர்மானிப்பது வேறொரு விதி. அந்த விதியைப் பயணிகளில் பெரும்பாலானோர் ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்கள்.

அதைப் படிக்க வேண்டிய தேவை பெருநகரவாசிகளைவிட, விமான நிலையமே இல்லாத மாவட்டங்களில் வாழ்வோருக்கு அதிகம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் உருவான மாவட்டம். மேற்கே கல்வராயன் மலை. வட்டத் தலைநகர் வெள்ளிமலை. அங்கிருந்து வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் ஒருவர் முதலில் மலைப் பாதையில் இறங்க வேண்டும். பிறகு அவர் முன் மூன்று திசைகள் விரிகின்றன. மேற்கே சேலத்தைத் தாண்டி, ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள விமான நிலையம், தெற்கே உளுந்தூர்பேட்டை வழியாகத் திருச்சி, வடகிழக்கே சென்னை. மூன்றுமே அவருக்குப் பல மணி நேரச் சாலைப் பயணம்தான். எந்தத் திசையில் செல்வது என்பதைப் பெரும்பாலும் பயணச்சீட்டின் விலையே முடிவு செய்கிறது. விமானம் தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் அந்த முடிவில் இடம்பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விதி என்ன சொல்கிறது?

உள்நாட்டு விமானப் பயணிகளுக்கான இந்த விதி 2010-இல் நடைமுறைக்கு வந்தது. 2016-இலும் பின்னரும் திருத்தப்பட்டது. அதில் பலரும் அறியாத அடிப்படையான செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் விமானம் தாமதமானதற்காகப் பணமாக இழப்பீடு கிடையாது. எத்தனை மணி நேரம் தாமதமானாலும் இதுவே நிலை. இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தில் தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால், உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டும் தாமதம் என்றால், மாற்று விமானமோ முழுக் கட்டணமோ கேட்கலாம். தாமதம் 24 மணி நேரத்தைக் கடந்தால் தங்குமிடம் தர வேண்டும். இரவு 8 மணி முதல் அதிகாலை 3 மணிக்குள் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் தங்குமிடம் உண்டு. அவ்வளவுதான்.

பணம் கிடைப்பது விமானம் ரத்தாகும்போது. அதுவும் எல்லா ரத்துக்கும் அல்ல. இரண்டு வாரங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டால் மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திரும்பப் பெறுவது மட்டுமே. இரண்டு வாரங்களுக்கும் 24 மணி நேரத்துக்கும் இடையே அறிவித்தாலும் அதுவே. ஆனால், மாற்று விமானம் பழைய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் புறப்படுவதாக இருக்க வேண்டும். இப்படி உரிய காலத்தில் அறிவிக்கப்படாத பயணிக்குத்தான் இழப்பீடு உரியது. ஒரே பயணச்சீட்டு எண்ணில் பதிவான இணைப்பு விமானத்தைத் தவறவிட நேர்ந்த பயணியையும் விதி இதே வரிசையில் சேர்க்கிறது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வருவோம்.

தொகை எவ்வளவு? பயண நேரம் ஒரு மணி நேரம் வரை என்றால் ரூ.5,000; இரண்டு மணி நேரம் வரை ரூ.7,500, அதற்கு மேல் ரூ.10,000. ஆனால், இது உச்சவரம்புதான். ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகையே கிடைக்கும். வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் இந்தக் கணக்கில் வராது. ஆகவே, மலிவாகச் சீட்டு வாங்கியவருக்கு இழப்பீடும் மலிவானதே. சேலத்திலிருந்து சென்னைக்கு ரூ.3,200 கொடுத்து வாங்கிய சீட்டில் அடிப்படையும் எரிபொருளும் ரூ.2,400 என்றால், அவர் பெறக்கூடிய அதிகபட்சம் ரூ.2,400. செலுத்திய கட்டணம் இதற்குப் புறம்பாகத் திரும்ப வரும்.

யாருடைய தவறு?

உரிய காலத்தில் அறிவிக்காத ரத்து என்றாலும், காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறியதாக இருந்தால் இழப்பீடு இல்லை. இயற்கைச் சீற்றம், வெள்ளம், கலவரம், பாதுகாப்பு அச்சுறுத்தல், வானிலை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் தடை, வேலைநிறுத்தம், அரசு உத்தரவு ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

வானிலையைப் பொருத்தவரை நீதிமன்றமும் இதையே கூறியுள்ளது. 2007 டிசம்பரில் தில்லியிலிருந்து ஹைதராபாத் செல்லவிருந்த இண்டிகோ விமானம் மூடுபனியால் பல மணி நேரம் தாமதமானது. நிரந்தர மக்கள் நீதிமன்றம் பயணிக்கு இழப்பீடு அளித்தது. 2011-இல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மூடுபனிக்கு விமான நிறுவனம் பொறுப்பல்ல. ஆனால், காத்திருக்கும் பயணிக்குரிய குறைந்தபட்ச வசதிகளைச் செய்துதரும் கடமை அதற்கு உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். பனியும் புயலும் வந்தால் பணம் வராது. சாப்பாடு வர வேண்டும்.

சிக்கலானது அரசு உத்தரவு என்ற காரணம். டிசம்பர் நெருக்கடியின் வேர் அங்குதான் இருந்தது. விமானிகளின் பணிநேரத்தைக் குறைத்து, ஓய்வை அதிகரிக்கும் புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-இல் அமலுக்கு வந்தது. அதற்கேற்ற எண்ணிக்கையில் விமானிகளைப் பணி அட்டவணையில் நிறுத்த இண்டிகோவால் இயலவில்லை. 'அரசு விதியால் நேர்ந்தது' என்று இதைச் சொல்ல முடியுமா? முடியாது. அந்த விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியிடப்பட்டவை. முதல் கட்டம் 2025 ஜூலையில் தொடங்கிவிட்டது. முன்கூட்டித் தெரிந்த ஒன்றுக்குத் தயாராகாமல் இருப்பது எதிர்பாராத சூழல் ஆகாது. அப்போது 24 மணி நேரத்துக்குள் ரத்தான விமானங்களின் பயணிகளுக்கு ரூ.5,000 முதல் ரூ.10,000 வரை விதிப்படி வழங்குவதாக நிறுவனமே அறிவித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ரூ.10,000 மதிப்புள்ள பயண வவுச்சர்களைக் கூடுதலாக அறிவித்தது. வவுச்சர் என்பது அதே நிறுவனத்திடம் மீண்டும் சீட்டு வாங்குவதற்கான உரிமையே தவிர, பணம் அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, ஒரு விமானம் தவறும்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். இது ரத்தா, தாமதமா? எப்போது எனக்குத் தெரிவிக்கப்பட்டது? காரணம் நிறுவனத்தின் கையில் இருந்ததா? முதல் கேள்விக்கு 'தாமதம்' என்பது விடையானால், உள்நாட்டு விதியைப் பொருத்தவரை பணத்துக்கான வழி அங்கேயே பெரும்பாலும் அடைபடுகிறது.

திருச்சி தரும் சான்று

இதற்குத் தமிழகத்திலேயே அறியப்பட்ட ஒரு நிகழ்வு உண்டு. 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜா புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமிட்ட அந்த விமானம், இரவு 8.15 மணியளவில் 141 பேருடன் பத்திரமாகத் தரையிறங்கியது. பயணிகளுக்கு மாற்று விமானம் ஏற்பாடு செய்யப்பட்டது.

உயிர் தப்பியதே பெரிது என்பது உண்மை. ஆனால், பயணியின் உரிமை என்ற கோணத்தில் பார்த்தால், இது தாமதமே தவிர ரத்து அல்ல. தொழில்நுட்பக் கோளாறு நிறுவனத்தின் பராமரிப்புக்கு உள்பட்டதா இல்லையா என்ற விவாதமே இங்கு எழாது. தாமதத்துக்கு இந்திய விதியில் விலை இல்லை. இதே கோளாறு ஐரோப்பிய ஒன்றியத்தின் விமான நிலையம் ஒன்றிலிருந்து புறப்பட்ட விமானத்தில் நேர்ந்து, சேருமிடத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக அடைந்திருந்தால் நிலைமை வேறு. வழக்கமான தொழில்நுட்பக் கோளாறுகள் நிறுவனத்தின் தொழிலோடு பிறந்தவை. அவற்றை அசாதாரணச் சூழல் எனக் கூற முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில் நீண்ட தாமதத்தையும் ரத்துக்கு இணையாகக் கருதியது. தூரத்துக்கு ஏற்ப 250, 400, 600 யூரோ என்று அங்கே தொகை நிர்ணயிக்கப்பட்டுள்ளது. சீட்டின் விலை அதைக் குறைப்பதில்லை.

எனினும், வெளிநாட்டுப் பயணத்தில் இந்தியப் பயணி முற்றிலும் கைவிடப்படவில்லை. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009-இல் இணைந்தது. சர்வதேசப் பயணத்தில் தாமதத்தால் உண்மையாக நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய விமான நிறுவனம் கடமைப்பட்டது என்கிறது அந்த ஒப்பந்தம். இழப்பைத் தவிர்க்க இயன்ற நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால் மட்டுமே விலக்கு. இந்த வகையில் கோரக்கூடிய உச்சவரம்பு, 2024 டிசம்பர் இறுதியிலிருந்து பயணி ஒருவருக்கு ஏறத்தாழ ஏழு லட்சம் ரூபாய். இது தானாக வரும் தொகை அல்ல. இழந்த ஒரு நாள் கூலி, தவறிய அடுத்த பேருந்து அல்லது விமானம், தங்கிய அறை வாடகை என ஒவ்வொன்றையும் ரசீதோடு காட்ட வேண்டும். மனக்கசப்புக்கு மட்டும் விலை கேட்க இயலாது.

ஒரே ஊர், மூன்று தடங்கள்

இனி கணக்குக்கு வருவோம். வெள்ளிமலைப் பகுதியிலிருந்து சிங்கப்பூரில் வேலைக்குச் சேரப் புறப்படும் இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கீழ்க்காணும் கட்டணங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நாளுக்கு நாள் அவை மாறும்.

முதல் தடம், சேலத்திலிருந்து சிறிய விமானத்தில் சென்னை சென்று, அங்கே வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் சிங்கப்பூர் செல்வது. இரண்டும் தனித்தனிச் சீட்டுகள். சேலம் - சென்னை ரூ.3,200, சென்னை - சிங்கப்பூர் ரூ.9,000, மொத்தம் ரூ.12,200. இரண்டாவது தடம், அதே வழியில் ஒரே நிறுவனத்தின் ஒரே சீட்டாக ரூ.12,800. மூன்றாவது, திருச்சியிலிருந்து நேரடியாகச் சிங்கப்பூர், ரூ.14,000. முகவரிடம் கேட்டால் முதல் தடத்தையே பரிந்துரைக்கக்கூடும். ரூ.600 மிச்சம் அல்லவா?

சேலம் விமானம் புறப்படுவதற்கு ஆறு மணி நேரம் முன்பு, பணியாளர் பற்றாக்குறையால் ரத்து என்று அறிவிக்கப்படுகிறது. இதுவே பயணிக்கு மிகச் சாதகமான சூழல். அறிவிப்பும் தாமதம், தவறும் நிறுவனத்துடையது. முதல் தடத்தில் சென்றவருக்கு ரூ.3,200 திரும்பக் கிடைக்கும், இழப்பீடாக ரூ.2,400 கிடைக்கும். ஆக ரூ.5,600. ஆனால், சென்னையில் அவருக்காகக் காத்திருந்த சிங்கப்பூர் விமானம் நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது. அந்த நிறுவனத்தின் பார்வையில் அவர் வராத பயணி. சில வரிகளைத் தவிர ரூ.9,000 போயிற்று. மறுநாளைக்குப் புதிய சீட்டு ரூ.15,000 என்றால், கிடைத்த ரூ.5,600-ஐக் கழித்த பின்னும் அவருக்குக் கூடுதலாக ரூ.9,400 செலவு. சென்னை செல்லும் செலவும் இரவுத் தங்கலும் தனி.

அதே நாளில் சேலம் விமானம் ரத்தாகாமல் ஐந்து மணி நேரம் தாமதமானால்? உணவுப் பொட்டலம் கிடைக்கும். ஆறு மணி நேரத்தைத் தொடாததால் கட்டணத்தைத் திரும்பக் கேட்கவும் இந்த விதியில் வழியில்லை. புதிய சீட்டின் ரூ.15,000 முழுவதும் அவர் தலையில். குறைந்த குற்றத்துக்கு அதிக தண்டனை, நிறுவனத்துக்கு அல்ல, பயணிக்கு.

இரண்டாவது தடத்தில் சென்றவரின் நிலையே வேறு. அவரிடம் இருப்பது ஒரே சீட்டு எண். முதல் விமானம் ரத்தானாலும், தாமதத்தால் இணைப்பு தவறினாலும், அவரைச் சிங்கப்பூர் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. மறுநாள் விமானத்துக்கு அவர் புதிதாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதோடு, அவருடைய சேலம் - சென்னைப் பறத்தலும் சட்டத்தின் பார்வையில் சர்வதேசப் பயணத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆகவே, மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் பாதுகாப்பு காமலாபுரத்திலிருந்தே தொடங்குகிறது. தனிச் சீட்டில் அதே விமானத்தில் அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு அது இல்லை.

அந்த ரூ.600 மிச்சத்தை இப்போது எடை போடலாம். ரத்தானால் இழப்பு ரூ.9,400. அதாவது, 15 அல்லது 16 பயணங்களில் ஒருமுறை இப்படி நேர்ந்தாலே, மற்ற பயணங்களில் சேமித்ததெல்லாம் கரைந்துவிடும். தாமதத்தால் தவறினால் இழப்பு ரூ.15,000, அப்போது 25 பயணங்களில் ஒருமுறை போதும். வேலையில் சேரும் தேதி தவறுவதற்கு இந்தக் கணக்கில் விலையே வைக்கவில்லை. இழப்பீடு வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கணக்கில் ரூ.2,400 மட்டுமே மாறுகிறது. சீட்டு ஒன்றா இரண்டா என்பதோ பல ஆயிரங்களை மாற்றுகிறது. எனவே, இழப்பீட்டை நம்பித் தடத்தைத் தேர்வு செய்யக் கூடாது. பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

மூன்றாவது தடமான திருச்சி நேரடி விமானத்தில் தவறுவதற்கு இணைப்பே இல்லை. ரூ.1,200 கூடுதல் என்பது இடையில் அறுந்துபோகக்கூடிய ஒரு கண்ணியை நீக்குவதற்கான விலை. ஷார்ஜா விமானத்துக்கு நேர்ந்ததுபோல அதுவும் தாமதமாகலாம். ஆனால், தாமதமாகப் போய்ச் சேர்வதற்கும், போய்ச் சேராமல் புதிய சீட்டுக்குக் கடன் வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. சேலம் போன்ற சிறு நிலையத்தில் இன்னொரு குறையும் இருக்கிறது. அங்கு 2018-இல் தொடங்கிய சேவை நின்றுபோய், 2023 அக்டோபரில்தான் மீண்டும் வந்தது. நாளின் ஒரே விமானம் ரத்தானால், 'மாற்று விமானம்' என்று விதி சொல்வது நடைமுறையில் மறுநாள் விமானமாகவோ, வேறு ஊருக்கான சாலைப் பயணமாகவோதான் இருக்க முடியும்.

புயல் காலக் கணக்கு

இழப்பீடே கிடைக்காத ஆபத்துகளுக்குத் தடத் தேர்வு மட்டுமே மருந்து. வட தமிழகத்தில் அத்தகைய ஆபத்துக்கு ஒரு பருவம் உண்டு. 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலால் நண்பகல் தொடங்கி மறுநாள் அதிகாலை வரை மீண்டும் மூடப்பட்டது. இயற்கைச் சீற்றம் என்பதால் இவற்றுக்குப் பண இழப்பீடு இல்லை. கட்டணம் திரும்பும் அல்லது மாற்று விமானம் கிடைக்கும்.

ஃபெஞ்சல் கள்ளக்குறிச்சிக்கு இன்னொரு பாடத்தையும் தந்தது. விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையை வெள்ளம் மூழ்கடித்துப் போக்குவரத்து தடைப்பட்டது. அரசூர் உளுந்தூர்பேட்டைக்கு வடக்கே இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னை செல்வோர் கடக்க வேண்டிய பாதை அது. திருச்சி செல்வோர் அதைத் தொட வேண்டியதில்லை. சென்னை விமான நிலையம் திறந்த பிறகும் அங்கே சென்று சேர முடியாதவர், விமான நிறுவனத்தின் கணக்கில் வராத பயணியே. விமானம் பறந்துவிட்டதால் அவருக்குக் கட்டணம் திரும்புவதுகூட உறுதியில்லை.

தனிச் சீட்டுகளின் விசித்திரமும் இங்கேதான் வெளிப்படுகிறது. புயலில் இரு விமானங்களும் ரத்தானால் இரு கட்டணங்களும் திரும்பிவிடும். ஒன்று மட்டும் நின்று, மற்றது பறந்தால்தான் பேரிழப்பு. எனவே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை வழியே செல்லத்தான் வேண்டுமென்றால், ஒரே சீட்டாக வாங்குவது அல்லது முந்தைய நாளே பேருந்தில் சென்னை சென்றுவிடுவது என்ற இரண்டில் ஒன்றே அறிவுடைமை. ஓர் இரவு வாடகை, பெரும்பாலான நேரங்களில் இழப்பீட்டைவிட நல்ல காப்பீடு.

ரயிலில் சென்று விமானம் ஏறுவோருக்கு உச்சநீதிமன்றத்தின் 2021 செப்டம்பர் தீர்ப்பு சற்று ஆறுதல். 2016-இல் அஜ்மீர் - ஜம்மு விரைவு ரயில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாமதமானதால் ஒரு குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டது, ரூ.15,000 கொடுத்து வாடகைக் காரில் சென்றது. தாமதத்துக்கான காரணத்தை நிரூபிக்காத ரயில்வே இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் உறுதி செய்தது. சின்னசேலத்தில் ரயிலேறி விமானத்துக்குச் செல்பவருக்கும் இது பொருந்தும். ஆனால், அந்தக் குடும்பம் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ஐரோப்பா செல்வோர் கவனிக்க

பொறுப்பு எங்கே என்பதைப் பார்த்துத் தேர்வதில், தொகையே பெரிய அளவில் மாறும் ஒரே இடம் ஐரோப்பியப் பயணம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் அந்த விதி பொருந்தும். அங்கே செல்லும் விமானங்களில், ஐரோப்பிய நிறுவனங்கள் இயக்குபவற்றுக்கு மட்டுமே பொருந்தும். சென்னையிலிருந்து லுஃப்தான்சாவில் ஃபிராங்க்ஃபர்ட் செல்பவர், நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ கோரலாம். வளைகுடா நிறுவனம் ஒன்றில் துபாய் வழியாகச் செல்பவர் அதே தாமதத்துக்கு அந்த விதியின் கீழ் எதுவும் கோர முடியாது. திரும்பும்போது, ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து துபாய் வழியாகச் சென்னை வரை ஒரே சீட்டு என்றால், துபாயில் இணைப்பு தவறிச் சென்னைக்குத் தாமதமாக வந்தாலும் கோரலாம். கட்டணம் ஏறக்குறைய சமம் என்றால், இந்த வேறுபாடு தேர்வைத் தீர்மானிக்கத் தக்கது.

பதிவு செய்யும்போதே தொடங்கும் உரிமை

உரிமை பெரும்பாலும் விமான நிலையத்தில் பறிபோவதில்லை. பதிவு செய்யும் மேசையிலேயே போய்விடுகிறது. தொடர்பு விவரங்களைச் சரியாகத் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்கிறது விதி. கிராமப்புறங்களில் முகவர்கள் தங்கள் கைப்பேசி எண்ணையே கொடுத்துச் சீட்டுப் பதிவு செய்வது உண்டு. ரத்துச் செய்தி முகவருக்குக் குறுஞ்செய்தியாகச் சென்றுவிட்டால், 'உரிய நேரத்தில் தெரிவித்தோம்' என்று நிறுவனம் கூற இடமிருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்தவருக்கோ விமான நிலைய வாசலில்தான் செய்தி தெரியும். சீட்டில் தம்முடைய எண் இருக்கிறதா, சீட்டு எண் ஒன்றா இரண்டா என்ற இரண்டையும் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

விமானம் தவறிய நாளில் செய்ய வேண்டியவை சில. வந்த குறுஞ்செய்தியை நேரத்துடன் சேமிக்க வேண்டும். ரத்தா, தாமதமா, காரணம் என்ன என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். வானிலை என்று சொன்னால், அதே நேரத்தில் அதே நிலையத்திலிருந்து மற்ற விமானங்கள் புறப்பட்டனவா என்பதை அறிவிப்புப் பலகையில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்; பறந்திருந்தால் அந்தக் காரணத்தின் வலிமை குறையும். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர், மத்திய அரசின் 'ஏர்சேவா' தளம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் என்று செல்லலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தாம் வசிக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே புகார் அளிக்க வழி செய்கிறது. செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

இவையெல்லாம் பயணி செய்துகொள்ளக்கூடிய தற்காப்பு. அரசு செய்ய வேண்டியது வேறு. தாமதத்துக்கு விலை இல்லை என்ற நிலை, விமானத்தை ரத்து செய்ய வேண்டிய நிறுவனத்துக்கும் 'தாமதம்' என்று அறிவித்து இழுத்தடிக்கும் ஊக்கத்தைத் தருகிறது. இழப்பீட்டைச் சீட்டின் விலையோடு கட்டிப்போட்டிருப்பது, சிறு நகரங்களிலிருந்து குறைந்த கட்டணத்தில் பறப்பவரின் நேரத்துக்குக் குறைந்த மதிப்பை வைக்கிறது. டிசம்பர் நெருக்கடிக்குப் பின் அபராதத்தோடு நின்றுவிடாமல், நிறுவனத்தின் தவறால் நேரும் நீண்ட தாமதத்துக்கும் நிலையான தொகையை விதியில் சேர்ப்பதே முறை. அது நடக்கும்வரை, கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்படும் பயணி தன் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல; வழியில் எது அறுந்தாலும் தன்னைக் கொண்டுசேர்க்கும் கடமை ஒரே கையில் இருக்கிறதா என்பதை.